எந்த வயது, எந்தத் தேதி, எவ்வளவு பணம்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் தெருவுக்கு ஒரு கோடை முகாம் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிடுகிறது. அதில் பாதிக்கு மேல் ஓவிய முகாம். படத்தில் வண்ணம் சிந்திய கைகள், ஒரு பலூன், ஒரு வானவில். கீழே இப்படி எழுதியிருக்கும்: ‘கோடை விடுமுறையைக் கொண்டாடுவோம்! உங்கள் குழந்தையின் கற்பனைத் திறனுக்குச் சிறகுகள்! 5–8, 8–12 வயதுக் குழந்தைகளுக்கு. மே முதல் வாரம் ஆரம்பம். இடங்கள் குறைவு, முந்துங்கள். கட்டண விவரத்துக்கு அழைக்கவும்.’

இதைப் படிக்கும் ஒரு தாய் என்ன செய்வார்? அவருக்கு எட்டு வயதுப் பையன் இருக்கிறான். அவன் முதல் குழுவா, இரண்டாம் குழுவா? தெரியவில்லை. மே இரண்டாம் வாரம் திருச்சியில் தங்கை வீட்டுக் காதுகுத்து. முகாம் அதற்குள் முடியுமா? தெரியவில்லை. பணம் எவ்வளவு? அதுவும் தெரியவில்லை. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று அடுத்த செய்திக்குப் போய்விடுவார். அறிவிப்பு எழுதிய ஆசிரியைக்கோ, ஏன் யாரும் கூப்பிடவில்லை என்பது கடைசிவரை தெரியாது.

படத்தின் கீழே போடும் இந்தப் பத்துப் பதினைந்து வரிகளைத்தான் இன்று எல்லோரும் கேப்ஷன் என்கிறார்கள். வீட்டு முன்னறையிலும் மாடியிலும் முகாம் நடத்துகிற ஓவிய ஆசிரியர்களுக்குப் பெரும்பாலும் இதைத் தவிர வேறு விளம்பரம் கிடையாது. அந்தக் கேப்ஷனில் உண்மையாக வேலை செய்பவை மூன்றே வரிகள்: வயது, பேட்ச் நாள்கள், கட்டணம். இந்த மூன்றும் மயக்கமில்லாமல் இருந்தால், தாய் யாரையும் கேட்காமலே ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். மதுரை கே.கே. நகரில் வீட்டிலேயே முகாம் நடத்தும் ஓர் ஓவிய ஆசிரியையின் கேப்ஷனை 2025 கோடையில் உட்கார்ந்து திருத்தினோம். அதை வைத்தே சொன்னால் எளிதாகப் புரியும்.

முதலில் வயது. ‘5–8, 8–12’ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. எட்டு இரண்டு பக்கமும் நிற்கிறது. எழுதியவருக்கு ‘எட்டுக்குள், எட்டுக்கு மேல்’ என்று மனதில் ஒரு கணக்கு இருக்கும். படிப்பவருக்கு அது தெரியாது. ‘5, 6, 7 வயது’ என்றும் ‘8 முதல் 12 வயது வரை’ என்றும் எழுதினால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் இன்னொன்று மிச்சம் இருக்கிறது. நம் வீடுகளில் வயதைச் சொல்லும் வழக்கமே இரண்டு வகை. ஆசிரியைக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பு இது:

“டீச்சர், பாப்பாவுக்கு ஏழு முடிஞ்சு எட்டு நடக்குது. எட்டு வயசுன்னு போட்டிருக்கீங்களே, அதுல சேத்துக்குவீங்களா?”

“பொறந்த நாள் எப்ப வருதும்மா?”

“ஆவணியில, டீச்சர்.”

“அப்போ இன்னும் ஏழுதாம்மா. காலை பேட்ச்ல விடுங்க.”

நடக்கிற வயதைச் சொல்பவர்களும் முடிந்த வயதைச் சொல்பவர்களும் கலந்திருக்கும் ஊரில், ‘நிறைந்த வயது’ என்ற இரண்டு சொற்களைச் சேர்க்காமல் விட்டால் இந்த அழைப்பு பலமுறை வரும். எந்த நாளில் நிறைந்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘பேட்ச் தொடங்கும் நாளில்’ என்பது எல்லோருக்கும் விளங்கும்.

வயதுக்குப் பதில் வகுப்பைப் போட்டால் என்ன என்று சிலர் நினைப்பார்கள். ‘1 முதல் 3ஆம் வகுப்பு’ என்பது கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் கோடையில் அதுதான் மிகவும் குழப்பும். மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளை ஏப்ரலில் மூன்றாம் வகுப்புத் தேர்வை எழுதிவிட்டு விடுமுறையில் இருக்கும். ஜூனில்தான் நான்காம் வகுப்பு. சிபிஎஸ்இ பள்ளிகள் பலவற்றில் ஏப்ரலிலேயே புதிய வகுப்பு தொடங்கிவிடுகிறது, அதன் பிறகுதான் மே விடுமுறை. அதே வயதுப் பிள்ளை அங்கே ஏற்கெனவே நான்காம் வகுப்பு. ஆக, ஒரே தெருவில் ஒரே வயதில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் மே மாதத்தில் இரண்டு வெவ்வேறு வகுப்பைச் சொல்வார்கள். வகுப்பைப் போட்டே ஆக வேண்டுமென்றால் ‘இப்போது முடித்த வகுப்பு’ என்று போட்டு, சிபிஎஸ்இ பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருக்கும். நிறைந்த வயதே மேல்.

இந்த வயதுக் கோடு எங்கே விழ வேண்டும் என்பது ஆசிரியரின் வசதியைப் பொறுத்ததல்ல. குழந்தைகள் வரைவதிலேயே அது தெரியும். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில், குழந்தைகளின் ஓவியம் வயதோடு எப்படி மாறுகிறது என்பதைப் படிப்படியாக விவரித்தார். ஏறத்தாழ நான்கு முதல் ஏழு வயது வரை ஒரு படி, ஏழு முதல் ஒன்பது வரை இன்னொரு படி, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மற்றொன்று. எல்லாக் குழந்தையும் பிறந்த நாளன்று படி மாறிவிடாது. பிற்காலத்தில் வந்தவர்கள் அவர் பிரிவுகளைக் கேள்வி கேட்டதும் உண்டு. ஆனால் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால் அவர் சொன்னது கண்ணுக்கு முன்னால் நடக்கும்.

மீனாட்சி அம்மன் கோயில் கோபுரத்தை வரையச் சொல்லுங்கள். ஐந்து வயதுக் குழந்தை ஒரு பெரிய முக்கோணத்தைத் தாளின் நடுவில் போட்டு, உள்ளே புள்ளி புள்ளியாக வைக்கும். பக்கத்தில் அம்மா நிற்பாள், கோபுரத்தைவிட உயரமாக. தரை இருக்காது, எல்லாம் தாளில் மிதக்கும். எட்டு வயதுப் பிள்ளையின் தாளில் கீழே ஒரு கோடு வந்துவிடும். கோபுரம், மரம், பூக்கடை, ஆட்டோ எல்லாம் அந்தக் கோட்டின்மேல் வரிசையாக நிற்கும். மேலே ஒரு நீலப் பட்டை, அதுதான் வானம். நடுவில் வெள்ளை. கோபுரத்துக்கு எத்தனை நிலை என்று கேட்டு எண்ணி எண்ணிப் போடுவான். பதினொரு வயதுப் பிள்ளை அழிப்பான் கேட்கும். சுதைச் சிற்பங்கள் கோபுரத்தில் இருப்பதுபோல் தாளில் வரவில்லை, பின்னால் இருக்கும் கோபுரம் சிறிதாகத் தெரிய வேண்டும், அது எப்படி என்று கேட்கும். சொல்லித் தராவிட்டால் தாளைக் கசக்கிவிட்டு, ‘எனக்கு வரைய வராது’ என்று சொல்லிவிடும்.

இவர்கள் மூவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒரே படத்தைக் கொடுத்தால் நடப்பது இதுதான்: பெரியவன் வரைவதைப் பார்த்துச் சின்னவள் தன் தாளை மறைத்துக்கொள்வாள். பெரியவனுக்குத் தேவையான தூரம், நிழல், ஒன்றின்மேல் ஒன்று மறைவது ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்கு நேரம் கிடைக்காது. அதனால்தான் ‘4 முதல் 15 வயது வரை அனைவரும் வரலாம்’ என்ற கேப்ஷனைப் பார்த்தால் பெற்றோர் ஒருமுறை யோசிக்க வேண்டும். அது பிரிக்காத முகாம் என்று பொருள். மூன்று குழுவாகப் பிரிப்பதே நல்லது. எங்கள் ஆசிரியை தனி ஆள், துணைக்கு ஒரு கல்லூரி மாணவி. இரண்டு குழுவுக்கு மேல் அவரால் முடியாது. எனவே 5, 6, 7 வயது ஒரு குழு; 8 முதல் 12 வரை ஒரு குழு. பெரிய குழுவுக்குள் எட்டு வயதுக்காரனுக்கும் பன்னிரண்டு வயதுக்காரிக்கும் ஒரே பொருளில் இரண்டு வேலை கொடுப்பது என்று வைத்துக்கொண்டார்.

நேரமும் வயதைப் பின்பற்ற வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை ஒன்றரை மணி நேரம் உட்காருவதே பெரிது, அதற்கும் நடுவில் தண்ணீர் குடிக்க ஓர் இடைவேளை வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரத்தில்தான் கை சூடு பிடிக்கும், இரண்டு மணி நேரமாவது வேண்டும். ஆகவே சின்னப் பிள்ளைகளுக்குக் காலை 10 முதல் 11.30 வரை. பெரியவர்களுக்கு மாலை 4.30 முதல் 6.30 வரை. அக்கினி நட்சத்திரத்தில் நண்பகல் ஒரு மணிக்குப் பிள்ளையை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போக எந்தத் தாயும் விரும்ப மாட்டார் என்பதும் இதில் ஒரு கணக்கு. அண்ணன் பெரிய குழு, தங்கை சின்னக் குழு என்றால் அந்த வீட்டுக்கு இரண்டு நடை. அந்த இடைஞ்சலைத் தீர்க்க வழியில்லை. கேப்ஷனில் இரண்டு நேரத்தையும் தெளிவாகப் போட்டுவிட்டால், அவர்கள் முன்கூட்டியே யோசித்து முடிவெடுப்பார்கள்.

அடுத்தது பேட்ச் நாள்கள். ஆசிரியையின் முதல் வரைவில் ‘மே 5 முதல் மே 16 வரை, 10 வகுப்புகள்’ என்று இருந்தது. நாட்காட்டியில் திங்கள் முதல் அடுத்த வார வெள்ளி வரை, சனி ஞாயிறு போகப் பத்து நாள், கணக்கு சரிதான். ஆனால் மதுரையில் அது நடக்கிற காரியமா? 2025இல் மீனாட்சி திருக்கல்யாணம் மே 8. மறுநாள் தேரோட்டம். அழகர் வைகையில் இறங்கியது மே 12, திங்கள்கிழமை. அந்த வாரம் முழுக்க ஊரில் உறவினர்கள், சாலையெங்கும் தடுப்புகள், பிள்ளைகள் எதிர்சேவைக்கும் ஆற்றுக்கும் போகத் துடித்துக்கொண்டிருப்பார்கள். பத்து வகுப்பு என்று பணம் வாங்கிவிட்டு ஐந்தோ ஆறோதான் நடந்திருக்கும். பிறகு ‘ஈடு செய்யும் வகுப்பு’ எப்போது என்று ஒவ்வொரு வீடாகப் பேச வேண்டும்.

இந்த ஊரில் சித்திரைத் திருவிழாவைச் சுற்றித்தான் பேட்ச் போட முடியும். எனவே ஒன்று அதற்கு முன், ஒன்று அதற்குப் பின். முன்னது ஏப்ரல் 28 திங்கள் தொடங்கி மே 7 புதன் முடியும். இடையில் மே 1 உழைப்பாளர் தினம், மே 4 ஞாயிறு இரண்டும் விடுமுறை. மே 3 சனிக்கிழமை வகுப்பு உண்டு. எண்ணிப் பார்த்தால் எட்டு வகுப்பு வருகிறது. பின்னது மே 15 வியாழன் தொடங்கி மே 23 வெள்ளி முடியும். மே 17 சனிக்கிழமை வகுப்பு உண்டு, மே 18 ஞாயிறு இல்லை. அதிலும் எட்டு வகுப்பு. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் பள்ளிகள் ஜூன் 2 அன்று திறந்தன. ஆக, இரண்டாம் பேட்ச் முடிந்து புத்தகம் வாங்கவும் சீருடை தைக்கவும் ஒரு வாரத்துக்கு மேல் கிடைத்தது. பத்து எட்டாகக் குறைந்ததில் ஆசிரியைக்கு முதலில் வருத்தம்தான். ஆனால் சொன்ன எட்டும் நடக்கும்.

மதுரைக்குச் சித்திரைத் திருவிழா என்றால் வேறு ஊர்களுக்கு வேறொன்று இருக்கும். ஊர்த் திருவிழா, உள்ளூர் விடுமுறை, அருகிலுள்ள பள்ளிகளின் தேர்வு நாள்கள் மூன்றையும் பார்க்காமல் பேட்ச் போடக்கூடாது. ஏப்ரல் கடைசியில் காலை வகுப்பு என்றால், அந்தப் பகுதியில் சிபிஎஸ்இ பள்ளிகள் இன்னும் நடந்துகொண்டிருக்கக்கூடும். அந்தப் பிள்ளைகள் வர முடியாது. அவர்களுக்கு இரண்டாம் பேட்ச்தான் பொருந்தும் என்று ஒரு வரி சேர்த்தால் வீண் அழைப்புகள் குறையும்.

நாள்களை எழுதும் முறையிலும் ஒரு கவனம் வேண்டும். தேதியோடு கிழமையையும் போட வேண்டும். ‘மே 15 வியாழன்’ என்று எழுதும்போது ஆசிரியர் நாட்காட்டியைப் பார்த்தே ஆக வேண்டும், அங்கேயே பாதிப் பிழைகள் பிடிபடும். போன வருடக் கேப்ஷனை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றும்போது கிழமை பழையபடி நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது. படிப்பவர் ‘வியாழனா, வெள்ளியா’ என்று கேட்டால் இதுதான் காரணம். ‘5/5’ என்றும் ‘7.5’ என்றும் எண்ணாக எழுதுவதைவிட மாதத்தின் பெயரை எழுதுவது நல்லது. ‘இரண்டு வார முகாம்’ என்பதைவிட எத்தனை வகுப்பு என்று எண்ணிச் சொல்வது நல்லது. வகுப்பு இல்லாத நாள்களையும் சொல்லிவிட வேண்டும்.

ஆண்டைப் போட மறக்கக்கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் எங்கெங்கோ சுற்றி அடுத்த வருடம் ஏப்ரலில் யாரோ ஒருவர் கைக்கு வரும். அதில் ஆண்டு இல்லையென்றால், ‘ஏப்ரல் 28ன்னு போட்டிருந்துச்சே’ என்று ஒரு அம்மா பிள்ளையோடு வாசலில் வந்து நிற்பார். ஆசிரியை வீட்டில் இது நடந்திருக்கிறது. ‘2025’ என்ற நான்கு எழுத்து தலைப்பிலேயே இருந்தால் போதும்.

நாள்களை முன்பே உறுதி செய்வதற்கு இன்னொரு காரணம், வேலையே அப்படி அமைகிறது என்பதுதான். எட்டு வகுப்பில் ஒன்று களிமண். களிமண் பொம்மை நன்றாகக் காய்ந்த பிறகுதான் வண்ணம் பூச முடியும், காயச் சில நாள் ஆகும். மூன்றாம் வகுப்பில் செய்தால்தான் ஏழாம் வகுப்பில் பூச முடியும். மே மாத மதுரை வெயிலில் மேல்புறம் வேகமாகக் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். ஓர் அங்குலத்துக்கு மேல் தடிமனாகச் செய்த யானைக்குக் கால் விரியும். அதனால் உள்ளே குடைந்து மெல்லிதாகச் செய்யவும், முதல் நாள் ஈரத்துணி போர்த்தி நிழலில் வைக்கவும் சொல்லிக்கொடுக்கிறார் ஆசிரியை. மூன்றாம் வகுப்புக்கு வராத பிள்ளைக்கு ஏழாம் வகுப்பில் பூச ஒன்றும் இருக்காது. ‘நடுவில் சேரலாமா’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இதையும் கேப்ஷனில் ஒரே வரியில் சொல்லிவிட்டோம்.

இனி கட்டணம். எழுதுபவர்களுக்கு எது கடினம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். தொகையைப் போட்டால் பார்த்தவுடன் பயந்து ஓடிவிடுவார்கள், பேசினால் புரியவைத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. பக்கத்துத் தெருவில் முகாம் நடத்துபவர் நூறு ரூபாய் குறைத்துப் போட்டுவிடுவார் என்று ஒரு பயம். இரண்டையும் நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் அந்தப் பக்கம் இருப்பவரின் நிலையையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் ஒரு தாய் தொலைபேசியில் கட்டணத்தைக் கேட்டுவிட்டுச் சேர்க்காமல் இருப்பதைக் கூச்சமாக நினைக்கிறார். ‘கேட்டுட்டு வேணாம்னு சொன்னா டீச்சர் என்ன நினைப்பாங்க’ என்று கேட்காமலே விட்டுவிடுகிறார். அதே தெருவில் தினமும் பார்க்கிற முகம் என்றால் கூச்சம் இன்னும் அதிகம். கட்டணம் தெரியாததால் விலகுபவர்கள் இவர்கள். இவர்களில் பலருக்கு அந்தத் தொகை கட்டக்கூடியதாகவே இருந்திருக்கும்.

தொகையைப் போட்டால் மட்டும் போதாது, அந்தத் தொகைக்குள் எது அடங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் வரைவில் ‘கட்டணம் ரூ.1,500’ என்று மட்டும் இருந்தது. பொருள்கள் வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டும் என்பது ஆசிரியையின் எண்ணம். முதல் நாள் ஒரு பட்டியல் கொடுப்பார்: ஆயில் பேஸ்டல், போஸ்டர் கலர், 2, 6, 10ஆம் எண் பிரஷ், ஏ3 அளவில் கெட்டித்தாள், 2பி பென்சில், களிமண். பெற்றோர் கடைக்குப் போனால் இதில் ஒவ்வொன்றிலும் நாலு விலை இருக்கும். ஒருவர் நாற்பத்தெட்டு நிறப் பெட்டி வாங்குவார், இன்னொருவர் பன்னிரண்டு. வகுப்பில் சின்னப் பெட்டிக்காரப் பிள்ளை பெரிய பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கும். மெல்லிய தாள் வாங்கியவர் பிள்ளையின் படம் தண்ணீர் பட்டதும் அலை அலையாக நெளிந்துவிடும். சொன்ன ஆயிரத்து ஐந்நூறு இரண்டாயிரத்தைத் தொடும்போது வீட்டில் பேச்சு வரும்.

இதற்குப் பதில் பொருள்களை ஆசிரியையே மொத்தமாக வாங்கி, கட்டணத்துக்குள் சேர்த்துவிடுவது என்று முடிவானது. கணக்கு இப்படி வந்தது. சின்னக் குழுவுக்கு எட்டு வகுப்பு, வகுப்புக்கு ஒன்றரை மணி நேரம். பொருள்களுக்கு முந்நூறு ரூபாய் ஒதுக்கி, மொத்தம் ரூ.1,400. பெரிய குழுவுக்கு எட்டு வகுப்பு, இரண்டு மணி நேரம். பொருள்களுக்கு நானூற்றைம்பது ஒதுக்கி, மொத்தம் ரூ.1,800. வகுப்புக்கு என்று பிரித்தால் முன்னது 175, பின்னது 225. இந்தப் பிரிப்பைக் கேப்ஷனில் போட வேண்டியதில்லை. ஆனால் ஆசிரியர் கையில் இருந்தால், ‘ஏன் இவருக்கு இவ்வளவு, அவருக்கு அவ்வளவு’ என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம். குழுவுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் என்ற எண்ணையும் கட்டணத்தோடு சேர்த்தே போட்டோம். பெற்றோர் கொடுக்கும் பணத்துக்கு ஆசிரியரின் கவனம் எவ்வளவு கிடைக்கும் என்பதை அந்த எண்தான் சொல்கிறது.

இன்னும் சில இருக்கின்றன. அந்தத் தொகை ஒரு பேட்ச்சுக்கா, இரண்டுக்கும் சேர்த்தா? ‘ஒரு குழந்தைக்கு, ஒரு பேட்ச்சுக்கு’ என்று எழுதிவிட வேண்டும். முன்பணம் எவ்வளவு, வர முடியாமல் போனால் திரும்பக் கிடைக்குமா? ரூ.500 முன்பணம், தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு சொன்னால் முழுதும் திரும்பும் என்று ஆசிரியை முடிவு செய்தார். ‘ஏப்ரல் 10க்குள் 20 சதவீதம், 15க்குள் 10 சதவீதம், இருவர் சேர்ந்தால் இன்னொரு 5’ என்று சலுகைகளை அடுக்கும் கேப்ஷன்களைப் பார்க்கிறேன். கடைசியில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று யாருக்கும் தெரிவதில்லை. ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது பிள்ளைக்கு ரூ.200 குறைவு என்ற ஒரு சலுகை போதும், அதையும் ரூபாயில் சொல்ல வேண்டும். ‘ஜிஎஸ்டி தனி’ என்று சிலர் பழக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். ஆண்டு வருவாய் இருபது லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறிய வீட்டு முகாம்களுக்குப் பொதுவாக அந்தப் பதிவு தேவைப்படாது. பதிவு இல்லாதவர் வரி என்ற பெயரில் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது. பெற்றோரும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மூன்று வரிகளும் தயாரான பிறகு அவற்றை எங்கே வைப்பது என்ற கேள்வி வருகிறது. இன்ஸ்டாகிராமில் கேப்ஷனின் முதல் இரண்டு வரிதான் கண்ணில் படும். மீதியைப் பார்க்க விரலால் தட்ட வேண்டும். அந்த இரண்டு வரியைச் ‘சிறகுகள்’, ‘வானவில்’, ‘கொண்டாட்டம்’ ஆகியவற்றுக்குக் கொடுத்துவிட்டால் வயதும் பணமும் மறைந்துபோகும். தமிழில் எழுதும்போது இன்னும் சிக்கனம் வேண்டும். ‘கூ’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக் கணக்கில் அது மெய்யும் கொம்பும் சேர்ந்து இரண்டு. அதனால் தமிழ் வரி நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் இடத்தை நிரப்பிவிடும். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் போடும் இணைப்பைத் தட்டினால் எங்கும் போகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எண்ணைத் தட்டினாலே அழைப்பு போகும்.

படத்தை ஒருவர் சேமித்து இன்னொருவருக்கு அனுப்பும்போது கேப்ஷன் கழன்றுவிடும். எனவே ஊர், வயது, நாள், கட்டணம், தொலைபேசி எண் ஐந்தும் படத்துக்குள்ளேயும் இருக்க வேண்டும். ‘இன்னும் நான்கு இடம்’ போன்ற, நாளுக்கு நாள் மாறுகிற செய்தியை மட்டும் படத்தில் போடாமல் கேப்ஷனில் போடலாம். இன்ஸ்டாகிராம் கேப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்தப் பதினைந்து நிமிடம்தான், படத்துக்குள் எழுதியதைத் திருத்தவே முடியாது.

படத்துக்கு எதை எடுப்பது? முந்தைய முகாமில் பிள்ளைகள் வரைந்ததையே எடுக்கலாம், பெற்றோரைக் கேட்டுவிட்டு. பெயரும் பள்ளியும் வேண்டாம், ‘7 வயது’ என்று மட்டும் போட்டால் போதும். ஆசிரியர் கை வைத்துத் திருத்திய படத்தைப் போட்டால் தெரிந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளையின் படத்தில் மலைக்குப் பின்னால் சூரியன் சரியான நிழலோடு இறங்கினால், அந்தக் கை ஏழு வயதுக் கை அல்ல. தரைக்கோட்டில் வரிசையாக நிற்கும் வீடும் ஆட்டோவும்தான் அந்த வயதின் உண்மையான படம். ‘ஞாபக சக்தி கூடும், மதிப்பெண் உயரும்’ என்ற வாக்குறுதிகளையும் எடுத்துவிட்டோம். எட்டு வகுப்பில் அதைச் செய்து காட்ட யாராலும் முடியாது. அந்த இடத்தில் பிள்ளை வீட்டுக்கு எதைக் கொண்டு வரும் என்று எழுதினோம்.

கடைசியில் கேப்ஷன் இப்படி அமைந்தது:

கோடை ஓவிய முகாம் 2025, மதுரை கே.கே. நகர். நிறைந்த வயது 5 முதல் 12 வரை. ரூ.1,400 / ரூ.1,800, பொருள்கள் உட்பட.

சின்னப் பிள்ளைகள்: 5, 6, 7 வயது நிறைந்தவர்கள். காலை 10.00 முதல் 11.30 வரை. ரூ.1,400.

பெரிய பிள்ளைகள்: 8 முதல் 12 வயது நிறைந்தவர்கள். மாலை 4.30 முதல் 6.30 வரை. ரூ.1,800.

பேட்ச் தொடங்கும் நாளில் உள்ள வயதே கணக்கு.

முதல் பேட்ச்: ஏப்ரல் 28 திங்கள் முதல் மே 7 புதன் வரை. மே 1, மே 4 வகுப்பு இல்லை.

இரண்டாம் பேட்ச்: மே 15 வியாழன் முதல் மே 23 வெள்ளி வரை. மே 18 வகுப்பு இல்லை. ஏப்ரலில் பள்ளி உள்ள சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு இது வசதி.

ஒவ்வொரு பேட்ச்சிலும் 8 வகுப்புகள், சனிக்கிழமையும் உண்டு. குழுவுக்கு 12 பேர். இரண்டாம் வகுப்புக்குப் பிறகு புதிதாகச் சேர முடியாது.

பிள்ளை வீட்டுக்குக் கொண்டு வருவது: ஐந்து படங்கள், வண்ணம் பூசிய ஒரு களிமண் பொம்மை. கொண்டு வர வேண்டியது: பழைய சட்டை, தண்ணீர் பாட்டில்.

கட்டணம் ஒரு குழந்தைக்கு, ஒரு பேட்ச்சுக்கு. அதே வீட்டிலிருந்து இரண்டாவது பிள்ளைக்கு ரூ.200 குறைவு. முன்பணம் ரூ.500, தொடங்க மூன்று நாள் முன்பு சொன்னால் முழுதும் திரும்பக் கிடைக்கும்.

இதற்குக் கீழே வீட்டின் அடையாளமும் தொலைபேசி எண்ணும், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதும். வகுப்பு நடக்கும்போது அழைத்தால் ஆசிரியை எடுக்க மாட்டார், அதனால் ‘பகல் 12 முதல் 4 வரை’ என்று போட்டோம்.

இதைப் படித்துவிட்டு வந்த அழைப்புகளின் தன்மையே மாறிவிட்டது என்றார் ஆசிரியை. ‘எவ்வளவு, எப்போ’ என்ற கேள்விகள் நின்றுபோய், ‘என் பையன் இடது கைக்காரன், அவனுக்குத் தனியா ஏதாவது பண்ணுவீங்களா’, ‘பாப்பாவுக்குக் களிமண் தொட்டா கை அரிக்கும்’ என்று பிள்ளையைப் பற்றிய பேச்சு வரத் தொடங்கியது.

இந்தக் கோடையில் முகாம் நடத்தப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேப்ஷனை எழுதி முடித்ததும் அனுப்பிவிடாதீர்கள். உங்கள் முகாமைப் பற்றி ஒன்றும் தெரியாத, ஏழெட்டு வயதில் பிள்ளை இருக்கும் ஒரு பெற்றோரிடம் படிக்கக் கொடுங்கள். உங்கள் பிள்ளை எந்தக் குழு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் உங்களைக் கேட்காமல் அவர் பதில் சொன்னால் அனுப்புங்கள்.